கிடைக்காத வீட்டுக்குக் கொடுத்த முன்பணம்

காஜாங்கில் கடை நடத்தும் அன்பர் ஒருவர், குடும்பத்தோடு குடியிருக்க அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்து, ஒரு மாத வாடகையான 1,200 வெள்ளியைத் தரகரிடம் முன்பணமாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். வாடகை ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஒரு வாரத்தில் அவ்வீடு வேறொருவருக்கு விடப்பட்டது தெரிகிறது. தரகரோ, "பணம் வீட்டுக்காரரிடம் போய்விட்டது. வேறு வீடு பாருங்கள், அதில் கழித்துக்கொள்வோம்" என்கிறார். அன்பர் யாரிடம் கேட்பது?

இதற்கு விடை தரும் வழக்கு ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1976-ல் தீர்த்த சோரல் எதிர் ஃபின்ச் வழக்கு அது. வீட்டை விற்க நியமிக்கப்பட்ட தரகர் ஒருவர், பலரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தார். வீட்டுக்காரரே திருப்பித் தரவேண்டும் என்று கேட்கப்பட்டது. சபை அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் ஏற்படும் முன்பு, வீட்டுக்காரரின் அனுமதியின்றித் தரகர் வாங்கிய பணத்துக்குத் தரகரே பொறுப்பு. கொடுத்தவர் அதை எந்நேரமும் திரும்பக் கேட்கலாம் என்றது. இது விற்பனை வழக்கு. நம் நாட்டு மன்றங்களைக் கட்டாயப்படுத்தாது. எனினும் அவை எடுத்துப் பார்க்கக்கூடிய தீர்ப்பாகும். நம் வழக்கச் சொல்லில் சொன்னால், அந்தப் பணம் தரகர் கையில் உள்ள அமானிதம்.

ஆகவே அன்பர் முதலில் தரகரையே கேட்கவேண்டும். பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தால், அவர் வாங்கச் சொன்ன எழுத்தையும் அவர் தந்த ரசீதையும் காட்டும்படி எழுத்தில் கேட்கவேண்டும். இரண்டும் இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்பது முறை. காட்ட முடியாவிட்டால் தரகரின் சாக்கு வலுவிழக்கிறது.

அடுத்து, தொகை, கொடுத்த தேதி, வீட்டு முகவரி ஆகியவற்றைக் குறித்து, 14 நாளில் திருப்பித் தரக்கோரிக் கடிதம் அனுப்பவேண்டும். ரசீது, வங்கிச் சீட்டு, செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றின் நகலும் கைவசம் இருக்கட்டும். பதில் வராவிட்டால், சொந்தக் குடியிருப்புக்கான இத்தகைய கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் தாக்கல் செய்து பார்க்கலாம். உரிமை எழுந்த 3 ஆண்டுக்குள் செய்யவேண்டும். கடைப் பணியாளர் தங்கவே வீடு எடுத்திருந்தால் அந்த மன்றம் பொருந்தாமல் போகலாம். அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், சிறு கோரிக்கைக்கான படிவம் 198-ஐத் தாமே நிரப்பி, வழக்கறிஞரின்றித் தாக்கல் செய்யலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். வீடு தயாராயிருந்தும் நாமே பின்வாங்கினால், முன்பணம் பறிபோகும் என்று கையெழுத்திட்ட தாளில் இருக்கலாம். ஆகவே, "வீடு கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வாசகம் ரசீதில் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்க்கவேண்டும். பதிவு பெற்ற தரகரானால் பணம் அவருடைய நிறுவனத்தின் கணக்குக்கே போகவேண்டும். அவர் தம் சொந்தக் கணக்கு எண்ணைத் தந்தால், அங்கேயே நாம் கையை மடக்கிக்கொள்வது நல்லது.