குளியலறைப் பூச்சிகளுக்கு வாசலை அடையுங்கள்

மலாக்காவின் தோட்டப்புறங்களிலும் ஜாசின், அலோர் காஜா போன்ற ஊர்களிலும் உள்ள பழைய வீடுகள் சிலவற்றில், கைகழுவும் தொட்டியின் பைப் சுவரைத் துளைத்துப் பின்புறக் கால்வாய்க்குச் செல்கிறது. துளை பைப்பைவிடப் பெரிதாக இருந்தால், கரப்பான்பூச்சிக்கு அதுவே வாசல். அதன் உடல் தட்டையானது. சில மில்லிமீட்டர் இடுக்கே போதும். அதைத் தின்னப் பல்லியும் வரும். மருந்து அடித்தால் கண்ணெதிரே உள்ள பூச்சி மட்டும் சாகும். வாசல் திறந்தே இருக்கும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அந்த நெடி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தரலாம்.

முதலில் பைப் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் அதைச் சரிசெய்த பிறகே அடைக்க வேண்டும். சுற்றியுள்ள அழுக்கைச் சுரண்டி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் சிலிகோன் ஒட்டாது. சில நாளில் உரிந்துவிடும். மெல்லிய இடுக்குக்குச் சிலிகோன் பூசி, ஒரு நாள் நனையாமல் வைத்திருங்கள். விரல் நுழையும் துளையென்றால், துருப்பிடிக்காத கம்பி வலையைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். உயரமான இடமென்றால் பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள், நாற்காலியில் ஏறாதீர்கள்.

எறும்பு வரிசையை உடனே துடைக்காதீர்கள். அது எங்கே மறைகிறது என்று பார்த்து, பென்சிலால் குறியுங்கள். பிறகு சவர்க்கார நீரால் துடைத்து, காய்ந்ததும் அந்த இடுக்கை அடையுங்கள்.

தரையில் நீர் வடியும் துளையையும் காற்றுத் துளையையும் முழுதாக அடைக்கக் கூடாது, வலை போடுங்கள். அதிகம் பயன்படுத்தாத குளியலறையின் வடிதுளையில் வாரம் ஒருமுறை ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். உள்வளைவில் தேங்கும் நீர் பூச்சிகளைத் தடுக்கும்.

ஒரு வாரம் கழித்து, இரவில் டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் போன்ற எச்சம் புதிதாகத் தெரிந்தால், அடைபடாத வாசல் இன்னொன்று அருகில் இருக்கலாம்.