கல்லாவில் யார் உட்காருவது?

நன்றாக ஓடும் கடையின் முதலாளி, அதே பெயரில் கிளை நடத்தும் உரிமையை ஏன் வேறொருவருக்குக் கொடுக்கிறார்? கையில் முதல் இல்லாததால் என்பார்கள். நான் அதைப் பாதிதான் ஏற்பேன். பிரான்சைஸ் எடுப்பவர் தன் சேமிப்பு முழுவதையும் ஒரே கடையில் போடுகிறார். அவ்வளவு ஆபத்தை ஏற்பவர் அதற்கேற்ற லாபத்தையும் எதிர்பார்ப்பார். பணம் மட்டும்தான் தேவையென்றால் வங்கிக் கடன் மலிவு. முதலாளிக்கு உண்மையில் கிடைக்காதது, தான் இல்லாத ஊரில் தன்னைப்போலவே கல்லாவைக் கவனிக்கும் ஆள். சம்பள மேலாளருக்கு வீணாகும் மாவு வெறும் கணக்கு. கடை எடுத்தவருக்கு அது சொந்தக் காசு.

1955இல் மெக்டொனால்ட்ஸ் கிளைகளைக் கொடுக்கத் தொடங்கிய ரே கிராக், நுழைவுக் கட்டணமாக 950 டாலரும் விற்பனையில் 1.9 சதவீதமும் வாங்கினார். அதிலும் 0.5 சதவீதம் மெக்டொனால்ட் சகோதரர்களுக்குப் போனது. இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, கூடுதல் வாடகைக்குக் கிளைக்காரருக்கே விடும் யோசனையை, கிராக்கிடம் வேலை பார்த்த ஹாரி சோன்போர்ன் கொண்டுவந்த பிறகுதான் கம்பெனி நிமிர்ந்தது. வாடகை வருமானம் ஒரு பக்கம். கடை அழுக்காக இருந்தால் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் பிடியும் கிடைத்தது. கண்காணிப்பை அடியோடு விட்டுவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

ஏனென்றால் சொந்தக் காசு வீணாவதைத் தடுப்பவர், கடையின் பொதுப்பெயர் கெடுவதையும் தடுப்பார் என்று சொல்ல முடியாது. நெடுஞ்சாலைக் கடைக்கு ஒருமுறை வந்தவர் மறுபடி வருவது அபூர்வம். அங்கே மட்டமான எண்ணெய் ஊற்றினால் மிச்சம் கிளைக்காரருக்கு. கெட்ட பெயர் மற்ற எல்லாக் கிளைகளுக்கும். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வரும் தெருக் கடையைக் கொடுக்கலாம். பேருந்து நின்று போகும் கடையை முதலாளியே வைத்துக்கொள்வது நல்லது.

ராயல்டியை லாபத்தில் வாங்கினால்தானே நியாயம் என்று கேட்கலாம். விற்பனை பில் மெஷினில் தெரியும். லாபத்தைச் செலவுக் கணக்குக்குள் ஒளித்துவிடலாம். அதனால்தான் விற்பனையில் வாங்குகிறார்கள். ஆனால் உரசல் பிறப்பதும் இங்கேதான். மாதம் 8 லட்சம் விற்கும் கடையில் சரக்கு 4 லட்சம், வாடகை, சம்பளம், மின்சாரம் 2.5 லட்சம், 5 சதவீத ராயல்டி 40,000 ரூபாய் என்றால் கிளைக்காரருக்கு மிஞ்சுவது 1.10 லட்சம். முதலாளி 10 சதவீதத் தள்ளுபடி அறிவிக்கிறார். விற்கும் அளவு கால்வாசி கூடுகிறது. விற்பனை 9 லட்சம், சரக்கு 5 லட்சம். மற்ற செலவு ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு 5,000 ரூபாய் கூடுகிறது. கிளைக்காரருக்கு அதே 5,000 குறைகிறது, வேலை மட்டும் கால்பங்கு அதிகம். ஆகவே ஒப்பந்தம் போடும்போது ராயல்டி சதவீதத்துக்குப் பேரம் பேசுவதைவிட, தள்ளுபடியை யார் முடிவு செய்வது, அந்த நாட்களில் ராயல்டி குறையுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.