ஜாடியில் உள்ளதைச் சொல்லுங்கள்

கேள்வி: வீட்டில் மாவடு போட்டு இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். 'இன்னும் 2 மணி நேரம்தான்' என்று கடிகாரம் ஓடவிட்டால் விற்பனை கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நேரம் முடிந்த பிறகும் பாட்டில் கிடைக்கிறது என்று ஒருவர் கண்டுகொண்டால், அடுத்த முறை நீங்கள் உண்மையையே எழுதினாலும் நம்பமாட்டார். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் பொய்யான அவசரம் காட்டுவதைத் தடை செய்கின்றன.

உங்களிடம் உண்மையான தட்டுப்பாடே இருக்கிறது. கொட்டை முற்றிவிட்டால் மாங்காய் வடு ஆகாது. ஊறும் நாட்களையும் குறைக்க முடியாது. அந்தக் காரணத்தை எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஒரு ஜாடியில் 40 பாட்டில் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடைசலுக்கு மாற்றாக 4 ஒதுக்கிவிட்டு, '36 பாட்டில் விற்பனைக்கு. இரண்டாவது ஜாடி ஊறுகிறது, மூன்று வாரத்தில் வரும். அதோடு இந்த ஆண்டு வடு முடிந்தது' என்று போடுங்கள்.

இரண்டாவது ஜாடியை முதலிலேயே சொல்வதுதான் முக்கியம். அதை மறைத்து 'கடைசி 5' என்று போட்டு, பிறகு புது ஜாடியைத் திறந்தால் அவசரப்பட்டு வாங்கியவர் ஏமாந்ததாகவே நினைப்பார். பணம் வந்த பாட்டிலை மட்டும் கழித்து, தினம் மாலையில் மீதியைத் திருத்துங்கள். தீர்ந்ததும் பழைய பதிவிலேயே 'முடிந்தது' என்று எழுதிவிடுங்கள்.