பொம்மையை அழித்தால் கழுத்துக்குள் வெள்ளைதான் மிஞ்சுகிறது!

கேள்வி: ஐயா, காதர்பேட்டையில் சர்ப்ளஸ் டி-ஷர்ட் எடுத்து வந்து, குண்டடத்தில் வீட்டிலேயே படம்பிடித்து ஆன்லைனில் விற்கிறேன். முதல் படத்தில் பொம்மை தெரியக்கூடாது என்று அமேசானில் விதி இருப்பதால், போட்டோஷாப்பில் பொம்மையை அழித்துவிடுகிறேன். அழித்ததும் கழுத்துக்குள் வெறும் வெள்ளைதான் நிற்கிறது. முன்கழுத்து ரிப்பை நகலெடுத்துப் பின்கழுத்து போல மேலே வைத்தேன். ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. எங்கே தவறு? ஒவ்வொரு நிறத்துக்கும், சைஸுக்கும் உள்கழுத்தைத் தனியாகப் படமெடுக்க வேண்டுமா?
– வாசகர், குண்டடம்

பதில்: தவறு போட்டோஷாப்பில் இல்லை, படம் எடுத்த இடத்தில்தான். பொம்மை போட்டிருக்கும் டி-ஷர்ட்டில் பின்கழுத்தின் உள்பக்கத்தைப் பொம்மையின் கழுத்தே மறைத்துவிடுகிறது. அந்தப் பகுதி உங்கள் படத்தில் எங்குமே பதிவாகவில்லை. இல்லாததை முன்பக்கத்திலிருந்து எடுத்து வைத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். காரணம், இரண்டும் ஒரே துணியாக இருந்தாலும் ஒரே தோற்றம் கிடையாது. முன்கழுத்தில் தெரிவது ரிப்பின் வெளிப்பக்கமும் அதன் கீழே ஓடும் தையலும். பின்கழுத்தின் உள்ளே தெரிய வேண்டியது ரிப்பின் உள்பக்கம், ஓவர்லாக் தையலை மூடியிருக்கும் நெக் டேப், அதன் நடுவில் மெயின் லேபிள். டேப்பும் லேபிளும் இல்லாத உள்கழுத்தைப் பனியன் ஊரில் யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள்.

ஆகவே ஒரு டி-ஷர்ட்டுக்கு இரண்டு படம் வேண்டும். முதல் படம், இப்போது நீங்கள் எடுப்பது. அதை எடுத்ததும் ட்ரைபாடைத் தொடாதீர்கள். லைட், ஒயிட் பேலன்ஸ், ஜூம் எதையும் மாற்றாதீர்கள். டி-ஷர்ட்டைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, அதே பொம்மைக்குப் போட்டு, பொம்மையை முதுகு காட்டி நிறுத்துங்கள். இப்போது கேமராவைப் பார்ப்பது பின்கழுத்தின் உள்பக்கம்தான். டேப்பும் லேபிளும் நேராகவே வரும், எழுத்து தலைகீழாகாது, இடம் வலம் மாறாது. படத்தை Flip செய்யத் தோன்றினாலும் செய்யாதீர்கள்.

உங்கள் படங்களில் சில பரவாயில்லை, சில மோசம் என்றால் கேமராவின் உயரத்தைப் பாருங்கள். கழுத்து ஒரு வட்டம். அதன் பின்பாதி நமக்குத் தள்ளி இருக்கிறது. கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்தால் பின்கழுத்தின் விளிம்பு நடுவில் சற்றுக் குழிந்து தெரியும். கேமராவை மேலே ஏற்ற ஏற்ற அந்தக் குழிவு தட்டையாகி, உள்துணி அதிகமாகத் தெரியும். நெஞ்சு உயரத்தில் எடுத்த டி-ஷர்ட்டுக்குள், தலைக்கு மேலிருந்து எடுத்த உள்கழுத்தை வைத்தால் எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் பொருந்தாது.

இன்னொன்று உங்கள் ஊருக்கே உரியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் குண்டடம், தாராபுரம் பக்கம் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால், டி-ஷர்ட்டைத் திருப்பிப் போடுவதற்குள் வெளிச்சம் மாறிவிடும். முன்பக்கம் ஒரு நீலம், உள்கழுத்து வேறொரு நீலம் என்றாகிவிடும். ஜன்னலை மூடி, இரண்டு பக்கமும் எல்.இ.டி. லைட் வைத்து எடுங்கள்.

இனி இணைப்பு வேலை. எம் சைஸ் நேவி ரவுண்ட் நெக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் Pen Tool கொண்டு டி-ஷர்ட்டின் ஓரத்தை வரைந்து, செலக்‌ஷனாக்கி, 0.5 பிக்சல் Feather கொடுத்து, Layer Mask போட்டுப் பின்னணியையும் பொம்மையையும் மறையுங்கள். அழிக்க வேண்டாம், மறைத்தால் போதும், பிறகு திருத்தலாம். கழுத்தில் பாதை, முன் ரிப்பின் மேல் விளிம்பை ஒட்டியே போக வேண்டும்.

இரண்டாவது படத்தில் பின்கழுத்தையும் தோள் ஓரங்களையும் மட்டும் விட்டு, மற்றதை இதேபோல் மறைத்து, இதன் கீழ் லேயரில் வையுங்கள். மேல் லேயரின் Opacity-ஐ 50 சதவீதமாக்கினால் இரண்டும் சேர்ந்து தெரியும். தோள் தையல் ரிப்பைத் தொடும் இரண்டு புள்ளிகள்தான் உங்களுக்கு ஆதாரம். Ctrl+T அழுத்தி, கீழ்ப்படத்தின் அதே இரண்டு புள்ளிகளை அவற்றின் மேல் உட்கார வையுங்கள். திருப்பிப் போட்டு எடுத்ததால் பின்கழுத்தின் நடுப்பகுதி கேமராவை நோக்கிப் புடைத்திருக்கும். உண்மையில் அது தள்ளி இருக்க வேண்டியது. Warp மூலம் நடுவை மட்டும் மெல்லக் கீழே இழுத்து, கொஞ்சம் சுருக்குங்கள். பொருந்தியதும் மேல் லேயரின் Opacity-ஐ மறுபடி 100 சதவீதமாக்குங்கள்.

எவ்வளவு சுருக்குவது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். கழுத்து அகலம் 18 செ.மீ., அது படத்தில் 600 பிக்சல் என்றால் ஒரு செ.மீ.க்குச் சுமார் 33 பிக்சல். ரிப் 2 செ.மீ. அகலம் என்றால் 67 பிக்சல் வர வேண்டும். பின்கழுத்து தள்ளி இருப்பதால் நடுவில் 65-ஐ ஒட்டி வந்தால் சரி. 80 வந்தால் பின் ரிப் முன் ரிப்பைவிடப் பட்டையாகத் தெரியும். ‘ஒட்டுப்போட்ட மாதிரி’ என்று நீங்கள் சொல்வதில் பாதி இதுதான்.

மீதிப் பாதி நிழல். சட்டையின் உள்ளே வெளியைவிட வெளிச்சம் குறைவு. ஆனால் உங்கள் இரண்டாவது படத்தில் உள்பக்கம் வெளியே இருந்ததால் முழு வெளிச்சம் வாங்கியிருக்கிறது. இரண்டு லேயருக்கும் நடுவில் புது லேயர் ஒன்றைத் திறந்து, Multiply-க்கு மாற்றி, கீழ் லேயரோடு Clipping Mask ஆக்குங்கள். மென்மையான பிரஷ்ஷில், துணியின் நிறத்திலேயே அடர்ந்த ஒன்றை 15 சதவீதம் அளவில் எடுத்து, முன் ரிப்புக்குச் சற்று மேலேயும் இரண்டு தோள் ஓரங்களிலும் தடவுங்கள். பின் ரிப்பின் மேல் விளிம்புக்கு வரும்போது நிழல் தேய்ந்து மறைய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் பூசினால் அழுக்குப் போலத் தெரியும்.

முடித்ததும், எல்லாவற்றுக்கும் அடியில் தற்காலிகமாகக் கரும்பச்சை லேயர் ஒன்றை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒளிந்திருந்த பொம்மைத் தோல் நிறக் கோடுகள், தோள் மூலையில் விட்ட இடைவெளி எல்லாம் தெரிந்துவிடும். சரிசெய்தபின் பின்னணியை RGB 255, 255, 255 ஆக்குங்கள். அமேசான் முதல் படத்துக்குக் கேட்கும் வெள்ளை அதுதான்.

போலோவுக்கு மட்டும் முறை வேறு. அதைத் திருப்பிப் போட்டால் காலர் தப்பான பக்கம் மடியும். திருப்பாமல், முதுகுப்பக்கம் படும்படி ஒரு அட்டையில் தோள்களைக் குண்டூசியால் குத்தி, முன்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். கார்ட்டன் அட்டையை உள்வளைவாக மடக்கி வைத்தால் Warp வேலையும் குறையும். அட்டையின் கழுத்து, பொம்மையின் கழுத்து உயரத்திலேயே நிற்க வேண்டும்.

கடைசியாக நீங்கள் கேட்டது. சைஸுக்குத் தனிப்படம் தேவையில்லை, ஸ்டைலுக்கு ஒரு சைஸ் போதும். லேபிளிலேயே சைஸ் அச்சாகியிருந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள், அல்லது எழுத்தை மறைத்துவிடுங்கள். நிறத்துக்கு, முடிந்தவரை தனித்தனியாக எடுங்கள். சரக்கு விற்றுப்போய் ஒரு நிறம் கையில் இல்லையென்றால், அதே ஸ்டைலின் வேறு நிற உள்கழுத்தை Hue/Saturation-இல் மாற்றிக்கொள்ளலாம். டேப்பையும் லேபிளையும் மாஸ்க்கால் விலக்கிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அவையும் நிறம் மாறிவிடும். நேவியிலிருந்து மெரூன் வரும். மெலாஞ்ச் வராது, அதில் இழைகளே இரண்டு நிறம். கறுப்பிலிருந்து வெள்ளையும் வராது. அவற்றுக்குப் பொம்மையிடமே திரும்பிப் போக வேண்டும்.