இரண்டு கேமரா, இரண்டு நேரம்: படங்களை வரிசைப்படுத்த

சிங்கப்பூர் போய் இறங்கியதும் செல்போன் தானே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கேமரா இந்திய நேரத்திலேயே நிற்கும். படங்களைச் சேர்த்தால் மதியச் சாப்பாடு காலை உலாவுக்கு நடுவே வந்து உட்காரும்.

1. கேமராவின் கடிகாரத்தை இப்போதே திருத்தாதீர்கள். எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

2. இரண்டிலும் ஒரே நொடியில் எடுத்த படங்களைத் தேடுங்கள்; கேக் வெட்டுவது, பஸ் கதவு மூடுவது போல. செல்போனில் 11:42:10, கேமராவில் 09:08:40 என்றால் வித்தியாசம் 2:33:30. ஊர் நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். மிச்சம் மூன்றரை நிமிடம் கேமரா கடிகாரம் பின்தங்கியது. அதையும் சேர்த்தால்தான் வரிசை சரியாகும்.

3. அப்படி ஜோடி கிடைக்காவிட்டால், நொடி காட்டும் செல்போன் கடிகாரத்தைக் கேமராவால் படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஊர் திரும்பிய பிறகும் செய்யலாம். ஆனால் கிடைப்பது மூன்றரை நிமிடம் மட்டுமே, இரண்டரை மணியை நீங்கள் கூட்ட வேண்டும்.

4. கேமரா படங்களை மட்டும் `CAMERA` என்ற தனி ஃபோல்டரில் வைத்து, இலவச மென்பொருளான `ExifTool`-இல் இதைக் கொடுங்கள்:

```
exiftool "-AllDates+=2:33:30" CAMERA
```

கேமரா முந்தியிருந்தால் `+=` இடத்தில் `-=`. ஒருமுறைதான் ஓட்டுங்கள், மறுமுறை ஓட்டினால் நேரம் மறுபடியும் கூடிவிடும். பழைய படங்கள் `_original` என்ற பெயரோடு அங்கேயே இருக்கும்.

5. படம் எடுத்த தேதிப்படி அடுக்கி, பயணத்தின் கடைசி நாளிலும் ஒரு ஜோடியை ஒப்பிடுங்கள். அங்கே பொருந்தாவிட்டால் நடுவில் யாரோ கடிகாரத்தை மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிந்தைய படங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சரிபார்த்து முடிக்கும்வரை `_original` படங்களை அழிக்காதீர்கள்.