முழங்கால் வீக்கம்: எப்போது தொடங்கியது?

மாந்தோப்பில் காய் பறிப்பவர் ஒருவர் ஏணியிலிருந்து இறங்குகிறார். ஊன்றிய பாதம் அசையாதிருக்க, உடல் மட்டும் திரும்புகிறது, முழங்கால் முறுக்கிக்கொள்கிறது. இவ்வாறு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, வீக்கம் எப்போது தொடங்கியது என்பதே.

2 மணி நேரத்திற்குள் மூட்டுப் புடைத்தால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். பெரும்பாலும் ஜவ்வு கிழிந்திருக்கும், சில வேளை எலும்பும் முறிந்திருக்கும். மறுநாள் மெல்ல வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டில் ஊறும் நீரே.

இரண்டிலும் முதல் 2 அல்லது 3 நாட்கள் காலுக்கு ஓய்வு தேவை. படுத்துக் காலைத் தலையணைமேல் உயர்த்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்தெடுக்க வேண்டும்; 2 அல்லது 3 மணி நேரத்திற்கு ஒருமுறை இவ்வாறு செய்யலாம். எண்ணெய் தேய்த்து நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் அந்நாட்களில் வீக்கத்தைக் கூட்டக்கூடும்.

நான்கு அடிகூட ஊன்றி நடக்க இயலாவிடில் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. ஆகவே வீக்கம் விரைந்து வந்தாலோ, முழங்கால் நீட்ட இயலாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரிந்துரைக்கிறோம்.

ஊசியால் நீரை எடுப்பது எல்லோருக்கும் தேவையன்று. மூட்டு இறுகி வலி தாங்க இயலாதபோது எடுக்கிறோம். கிழிசல் ஆறாதவரை நீர் மீண்டும் சேரலாம். காய்ச்சலுடன் மூட்டுச் சிவந்து சுட்டால், சீழ் உள்ளதா என அறிய அன்றே எடுத்தாக வேண்டும். அந்நிலையில் வீட்டில் காத்திருத்தல் கூடாது.