டிவியின் வைஃபை திணறினால் யார் பொறுப்பு?

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன்பு உள்ளூர்க் கடை ஒன்றில் 28,000 ரூபாய்க்கு 43 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கினோம். ஒரு வருட வாரண்டி உண்டு. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஆனாலும் டிவியில் படம் போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று வட்டம் சுற்றுகிறது. அதே இடத்தில் செல்போனில் பார்த்தால் வேகம் 80க்கு மேல் காட்டுகிறது. சர்வீஸ் ஆள் வந்து, "டிவி நல்லாத்தான் இருக்கு, உங்க நெட்டுதான் சரியில்ல" என்றார். நெட் கம்பெனிக்காரர், "டிவியிலதான் கோளாறு" என்கிறார். கடைக்காரரோ, "ஒரு ஸ்டிக் வாங்கி மாட்டிக்குங்க" என்கிறார். டிவியின் அட்டைப்பெட்டியில் 'டூயல் பேண்ட் வைஃபை' என்று அச்சிட்டிருக்கிறது. ஸ்டிக்குக்கும் நாங்களே செலவு செய்ய வேண்டுமா? அதை வாங்கிவிட்டால் வழக்குப் போடும் உரிமை போய்விடுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஸ்டிக் வாங்குவதால் உரிமை போகாது. ஆனால் எந்த வரிசையில், எந்த ஆதாரத்தோடு வாங்குகிறார் என்பதைப் பொறுத்தே வாசகியின் வழக்கு நிற்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் 'குறைபாடு' எது என்று பிரிவு 2(10)இல் சொல்கிறது. தரத்திலோ அளவிலோ உள்ள எந்தக் குறையும் அதில் அடங்கும். ஆனால் அந்தத் தரம் சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருந்தாக வேண்டியதாகவோ, விற்பனையாளர் இருப்பதாகச் சொல்லிக்கொண்டதாகவோ இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் இங்கே முக்கியம். மலிவான டிவிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே இருக்கும். பெட்டியில் வெறுமனே 'வைஃபை' என்று மட்டும் போட்டு, அந்த வைஃபை தன் அளவில் ஒழுங்காக வேலை செய்தால், அது சுமாரான பொருள். சட்டத்தின் பார்வையில் குறைபாடுள்ள பொருள் அல்ல. அப்படிப்பட்ட டிவிக்கு வழக்குப் போட்டு அலைவதைவிட ஒரு வயர் இழுப்பதே நல்லது. வாசகியின் பெட்டியில் 'டூயல் பேண்ட்' என்றிருப்பது நிலைமையை மாற்றுகிறது. 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளிலும் டிவி இணையும் என்பது அவருக்குத் தரப்பட்ட வாக்கு.

வாக்கு மீறப்பட்டது என்று காட்ட வேண்டிய பொறுப்பு புகார்தாரருக்கே உண்டு. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் சுமை அதைச் சொல்பவர் மீதுதான் என்று 2021இல் எஸ்ஜிஎஸ் இந்தியா – டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பொருளின் குறைபாட்டுக்கும் ஆணையங்கள் இதையே எதிர்பார்க்கின்றன. 'போனில் 80 காட்டுது, டிவியில ஓடல' என்ற ஒப்பீடு இதற்குப் போதாது. போன் தானாகவே 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவியிருக்கும், டிவி 2.4இல் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் மொய்க்கும் நெரிசலான அலைவரிசை 2.4. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த ஒரு கேள்வியிலேயே அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்.

ஆகவே, ரவுட்டர் அமைப்பில் இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துச் சோதிக்கும்படி வாசகியிடம் கேட்கப்பட்டது. அவர் பொறுமையாகச் செய்து அனுப்பிய விவரம் இது. டிவியை ஒட்டி நின்று போனை 2.4இல் மட்டும் இணைத்தபோது 34 எம்பிபிஎஸ் வந்தது. டிவியை அதே 2.4இல் இணைத்து, நெட்ஃபிளிக்ஸ் செயலியின் Get Help பகுதியில் உள்ள நெட்வொர்க் சோதனையை ஓட்டினால் 2ஐத் தாண்டவில்லை. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. ரவுட்டரை டிவியிலிருந்து ஆறடிக்குள் கொண்டுவந்து வைத்தும் பெரிய மாற்றமில்லை. அதனால் சுவரையும் தூரத்தையும் குற்றம் சொல்ல முடியாது. டிவியோடு ப்ளூடூத்தில் இணைந்திருந்த ஸ்பீக்கரும் இதே 2.4இல்தான் பேசும் என்பதால், அதையும் துண்டித்துவிட்டுச் சோதித்திருக்கிறார். அதுவும் சரியான செயல்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் டிவியின் பட்டியலில் தெரியவே இல்லை. இங்கே அவசரப்படக் கூடாது. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் பல சேனல்களைப் பயன்படுத்தும். சில டிவிகளுக்கு அவற்றில் சில சேனல்கள் தெரியாது. சேனலை 36க்கு மாற்றிப் பார்த்தும் பெயர் வரவில்லை என்று வாசகி எழுதியிருக்கிறார். அதன் பிறகுதான், டூயல் பேண்ட் என்ற வாக்கு இந்த டிவியில் நிறைவேறவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. உள்ளே உள்ள வைஃபை பலகை பழுதா, அல்லது டூயல் பேண்டே இல்லாத பலகையைப் பொருத்தினார்களா என்று வாசகி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டில் எதுவானாலும் பிரிவு 2(10)க்குள் வரும்.

கடைசிச் சோதனை லேன் வயர். ரவுட்டரிலிருந்து கேட்-6 வயரை டிவியின் பின்பக்கத் துளையில் செருகியதும் வேகம் 92க்கு ஏறியது. படம் நிற்காமல் ஓடியது. டிவிகளின் லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும். 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவருக்கும் ஏறக்குறைய 90தான் வரும். அதைக் குறை என்று சொல்ல முடியாது. 4கே படத்துக்கே 15தான் வேண்டும் என்பதால் இது தாராளம்.

இந்த ஒரு வயர் மூன்று பேரின் வாயை அடைக்கிறது. நெட் நன்றாக வருகிறது. செயலி நன்றாக ஓடுகிறது. டிவியின் பிராசஸரும் தாங்குகிறது. மிஞ்சுவது வைஃபை மட்டும். 'உங்க நெட்டுதான் சரியில்ல' என்ற சர்வீஸ் ஆளின் வாதம் இதோடு முடிந்தது. நெட் கம்பெனியை எதிர்த்தரப்பாகச் சேர்க்கவும் இனி அவசியமில்லை. வயரிலும் படம் நின்றிருந்தால் கதை வேறு. அப்போது நெட் கம்பெனி மீதே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புச் சேவை மீதான புகாரையும் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022இல் வோடஃபோன் ஐடியா – அஜய் குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வயரில் ஓடுகிறதே, பிறகென்ன குறை என்று நிறுவனம் கேட்கும். வைஃபை என்பது விலையில் சேர்ந்த ஒரு வசதி. வேறு வழியில் படம் பார்க்க முடிகிறது என்பதால், காசு வாங்கிக்கொண்ட வசதியைத் தராமல் இருக்க நிறுவனத்துக்கு உரிமை வந்துவிடாது.

இனி ஸ்டிக். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் இந்தச் சிறு கருவி, தன் சொந்த வைஃபையையும் சொந்த பிராசஸரையும் கொண்டது. டிவியின் வைஃபையைத் தொடவே தொடாது. ஆனால் அது மாட்டப்படும் இடமும் டிவியின் முதுகுதான். அங்கே இருக்கும் உலோகத் தகடு சிக்னலைத் தடுக்கும். ஒரு சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைப் போட்டு ஸ்டிக்கைத் திரைக்கு வெளியே தொங்கும்படி விடுவது நல்லது. மின்சாரத்தையும் டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காமல் அதற்கென்று வந்த அடாப்டரிலிருந்தே எடுக்க வேண்டும். லேன் துளையே இல்லாத டிவி வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. சில ஸ்டிக்குகளுக்கு லேன் அடாப்டர் தனியாக விற்கிறது. எச்டிஎம்ஐயில் வேறு கருவியை இணைப்பது டிவி தரும் இயல்பான வசதி என்பதால், இதனால் வாரண்டி போகும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பின்மூடியைத் திறந்து ஆன்டெனாவைத் தொட வைப்பதுதான் ஆபத்து. வாரண்டியும் போகும், ஆதாரமும் கலைந்துவிடும்.

வாசகி செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கும் கடைக்காரருக்கும் மின்னஞ்சலில் புகார் எழுத வேண்டும். சோதனை முடிவுகளின் படங்கள், பெட்டியில் 'டூயல் பேண்ட்' என்ற அச்சின் படம், பில் ஆகியவற்றை இணைக்க வேண்டும். வாரண்டி முடிய நான்கு மாதமே இருப்பதால் இதை இந்த வாரமே அனுப்புவது நல்லது. சர்வீஸ் ஆள் மறுபடி வந்தால் அவர் முன்னாலேயே வயர் சோதனையைச் செய்துகாட்டி, கண்டதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். 'நோ ஃபால்ட்' என்று எழுதினால், அதன் கீழே தன் மறுப்பை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் சொன்னதற்கு ஆணையத்தில் மதிப்பு மிகக் குறைவு.

பழுதை நீக்க ஒரு நியாயமான கெடு, உதாரணமாக 15 நாள், அந்தக் கடிதத்திலேயே கொடுத்துவிடலாம். அதற்குள் சரிசெய்யாவிட்டால் வீட்டுப் பயன்பாட்டுக்காக ஸ்டிக்கோ வயரோ வாங்கப் போவதாகவும், அந்தச் செலவைக் கோரப் போவதாகவும் அதில் தெரிவித்துவிட வேண்டும். கெடு முடிந்த பிறகு பில்லோடு வாங்கினால், அது விட்டுக்கொடுத்ததாக ஆகாது. நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள எடுத்த நடவடிக்கையாகவே பார்க்கப்படும்.

இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். செலவில்லை, பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன. அப்படியும் அசையாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கப் பிரிவு 34 இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்காமல் அவரே வாதாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.

டிவியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் கட்ட நேரலாம், காலமும் இழுக்கும். மேலே சொன்ன சோதனைகளும் ஜாப் ஷீட்டும் ஒழுங்காக இருந்தால், அந்தத் தேவையே எழாமல் போக வாய்ப்பு அதிகம்.

28,000 ரூபாயையும் திரும்பக் கேட்கலாமா என்றால், கேட்கலாம். பழுது நீக்கம், மாற்றுப்பொருள், பணம் திரும்பத் தருதல், இழப்பீடு என்று பிரிவு 39 எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. ஆனால் மாருதி உத்யோக் – சுஷீல் குமார் காப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் காட்டிய வழி வேறு. பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டி என்றால், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. படமும் ஒலியும் நன்றாக இருக்கும் டிவிக்கு இது அப்படியே பொருந்தும். ஆகவே மனுவில் முதல் கோரிக்கையாக, டூயல் பேண்ட் வைஃபை பலகையைச் செலவின்றி மாற்றித் தர உத்தரவிடக் கேட்க வேண்டும். அது முடியாவிட்டால் மாற்று டிவி அல்லது பணம் என்று அடுத்ததாகக் கேட்கலாம். இவற்றோடு ஸ்டிக்கின் விலை, அலைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆதாரம் இவ்வளவு தெளிவாக இருக்கும் நிலையில், பலகை மாற்றமும் ஸ்டிக்கின் விலையும் வாசகிக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த அட்டைப்பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.